பொன்னி ஆறா, நெல்லா, பொண்ணா? டிகோடர் மாடல் ஏன் எப்போதும் நெல் என்கிறது

அரசலாறு (கும்பகோணம்)

வணக்கம். எங்கள் பக்கத்து விவசாயிகள் வாட்ஸ்அப் குழுக்களில் வரும் செய்திகளை அவர்கள் சம்மதத்தோடு சேர்த்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு சொல்லுக்கும் லேபிள் போட வேண்டும்: நெல் ரகம், ஊர், ஆறு அல்லது வாய்க்கால், பூச்சி நோய், ஆள் பெயர். ஆயிரத்துச் சொச்சம் செய்திகளுக்கு நானும் தங்கையும் உட்கார்ந்து கையால் லேபிள் போட்டோம். அப்புறம் தமிழ் தெரிந்த ஒரு சின்ன டிகோடர் மாடலை எடுத்து, மேலே ஒரு வகைப்பாட்டு அடுக்கை வைத்து ஃபைன்ட்யூன் செய்தேன்.

ஆனைக்கொம்பன், புகையான், குலைநோய் எல்லாம் பிரமாதமாக வருகிறது. பொன்னியில்தான் மாட்டிக்கொண்டேன். இந்த மூன்றையும் பாருங்கள்:

பொன்னி இந்த வருஷம் கரை தொட்டு ஓடுது.
பொன்னி இந்த வருஷம் கதிர் பிடிக்கவே இல்ல.
பொன்னி இந்த வருஷம் பிளஸ் டூ எழுதுது.

மூன்றுக்கும் "நெல் ரகம்" என்றுதான் வருகிறது. மூன்றாவது பக்கத்து வீட்டுப் பெண்! ஆனால் "மேட்டூர் திறந்து இன்னிக்குத்தான் வந்துச்சு பொன்னி" என்றால் ஆறு என்று சரியாகச் சொல்கிறது. எபாக் கூட்டிப் பார்த்தேன், லேர்னிங் ரேட் குறைத்துப் பார்த்தேன், ஒன்றும் அசையவில்லை.

---

பாமணி

தம்பி, டேட்டா போதாது. ஆயிரம் செய்தியில் பொன்னி எத்தனை முறை வந்திருக்கும்? ஆற்றைச் சொல்லும் பொன்னி, பெண் பெயர் பொன்னி, இரண்டிலும் இன்னும் ஐந்நூறு சேருங்கள், தானாகச் சரியாகிவிடும்.

---

சோழமண்டலம்

டேட்டா எல்லாம் இல்லை. தமிழுக்கு டிகோடர் ஆகவே ஆகாது, அவ்வளவுதான். நம் மொழியில் வினை கடைசியில் வருகிறது. இடமிருந்து வலமாக மட்டும் படிக்கிற மாடலுக்குக் கடைசி வரை ஒன்றும் புரியாது. பெர்ட் வகை மாடலைப் போடுங்கள், வேலை முடிந்தது.

---

வெண்ணாற்றங்கரை

பாமணி அண்ணே, ஐந்நூறு இல்லை, ஐந்து லட்சம் சேர்த்தாலும் அந்த மூன்று வாக்கியத்தை இந்த மாடலால் பிரிக்க முடியாது. டிகோடரில் ஒவ்வொரு டோக்கனும் தன்னையும் தனக்கு முன்னால் இருப்பவற்றையும் மட்டுமே பார்க்கும். பின்னால் வருபவற்றுக்கான அட்டென்ஷன் மதிப்பைக் காசல் மாஸ்க் மைனஸ் இன்ஃபினிட்டி ஆக்கிவிடுகிறது. சாஃப்ட்மேக்ஸுக்கு அப்புறம் அது சுத்தமான பூஜ்யம். எத்தனை அடுக்கு ஏறினாலும் இதே கதைதான். அப்படியானால் முதல் சொல்லாக நிற்கும் பொன்னிக்குக் கிடைக்கும் வெக்டர் மூன்று வாக்கியத்திலும் ஒன்றேதான். "ஏறக்குறைய ஒன்று" என்று சொல்லவில்லை. அதே எண்கள். உள்ளே போவது ஒன்றே என்றால் மேலே இருக்கும் வகைப்பாட்டு அடுக்கும் ஒரே பதிலைத்தான் கொடுக்கும்.

பயிற்சியில் அதே வெக்டருக்கு ஒரு நேரம் ரகம், ஒரு நேரம் ஆறு, ஒரு நேரம் பெயர் என்று விடை காட்டுகிறீர்கள். எது அதிகம் வந்ததோ அதைச் சொல்வதுதான் அதற்கு லாபம். விவசாயிகள் குழுவில் எது அதிகம் வரும்? நெல்தான். பாமணி அண்ணன் சொல்கிறபடி ஆறும் பெயரும் நிறையச் சேர்த்தால், நெல் என்ற இடத்திலெல்லாம் ஆறு என்று சொல்ல ஆரம்பிக்கும். தவறு இடம் மாறுமே தவிர தீராது.

மேட்டூர் வாக்கியம் சரியாக வருவதுதான் துப்பு. அதில் பொன்னிக்கு முன்னாலேயே மேட்டூரும் திறப்பும் வந்துவிட்டன. உங்கள் சோதனைச் செய்திகளில் பொன்னி வருவதை எல்லாம் எடுத்து, துப்பு முன்னால் இருப்பவை ஒரு பக்கம், பின்னால் இருப்பவை ஒரு பக்கம் என்று பிரித்துப் பாருங்கள். முதல் பக்கம் நன்றாகவும் இரண்டாம் பக்கம் மோசமாகவும் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

நம்பவில்லை என்றால் இதை ஓட்டுங்கள்:

```python
import torch
from transformers import AutoTokenizer, AutoModel

a = "பொன்னி இந்த வருஷம் கரை தொட்டு ஓடுது"
b = "பொன்னி இந்த வருஷம் கதிர் பிடிக்கவே இல்ல"

for name in ["gpt2", "xlm-roberta-base"]:
    tok = AutoTokenizer.from_pretrained(name)
    m = AutoModel.from_pretrained(name).eval()
    with torch.no_grad():
        va, vb = [m(**tok(s, return_tensors="pt")).last_hidden_state[0, 1]
                  for s in (a, b)]
    print(name, torch.allclose(va, vb, atol=1e-3))
```

`gpt2`வுக்குத் தமிழே தெரியாது, நம் எழுத்தை பைட் பைட்டாக உடைத்துத்தான் படிக்கும். இந்தச் சோதனைக்கு அது பரவாயில்லை. நாம் பார்ப்பது மாஸ்க்கை, அறிவை அல்ல.

இன்னொரு விஷயம். மாடல் ஒரு சொல்லைப் பல துண்டாக உடைத்துப் படிக்கும். அதில் எந்தத் துண்டின் மீது லேபிள் வைத்தீர்கள்? பெர்ட்டுக்கு எழுதிய செய்முறைகளில் சொல்லின் முதல் துண்டுக்கு லேபிள், மீதித் துண்டுகளைக் கணக்கில் எடுக்காதே என்பதற்கு -100 என்று இருக்கும். அதை அப்படியே டிகோடருக்கு எடுத்து வந்தால் இன்னும் மோசம். ஆடுதுறை என்பது "ஆடு", "துறை" என்று உடைந்தால், "ஆடு" மேல் நிற்கும் லேபிளுக்குப் பின்னால் துறை வரப்போவதே தெரியாது. டிகோடர் என்றால் சொல்லின் கடைசித் துண்டில் லேபிளை வையுங்கள்.

---

அரசலாறு

ஓட்டிப் பார்த்தேன் அக்கா. `gpt2` True, `xlm-roberta-base` False. லேபிளும் நீங்கள் சொன்னபடி முதல் துண்டில்தான் இருந்தது. அதைக் கடைசித் துண்டுக்கு மாற்றியதும் ஆடுதுறை, ஆடுதுறை 43 மாதிரி இடங்கள் கொஞ்சம் தேறின. பொன்னி அப்படியேதான் நிற்கிறது.

ஒரு சந்தேகம். பெரிய சாட் மாடல்களும் டிகோடர்தானே? அதே மூன்று வாக்கியத்தைக் கொடுத்துக் கேட்டால் ஆறு, நெல், பெண் என்று மூன்றையும் சரியாகச் சொல்கிறதே. அது எப்படி?

---

வெண்ணாற்றங்கரை

அது பொன்னி இருக்கும் இடத்தில் நின்று பதில் சொல்வதில்லை. வாக்கியம் முழுவதும் படித்து முடித்து, உங்கள் கேள்வியையும் படித்து, அதற்கப்புறம் எழுதுகிறது. பதில் எழுதும் இடத்திலிருந்து பார்த்தால் பொன்னியும் முன்னால்தான், "கரை தொட்டு ஓடுது" என்பதும் முன்னால்தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எந்தத் தடையும் இல்லை. சோழமண்டலம் சார் சொன்னது பாதிதான் சரி. டிகோடருக்குப் புரியாமல் இல்லை. புரிகிறது, பின்னால் வரும் இடங்களில் புரிகிறது. நீங்கள் அந்த அறிவைத் தேடியது முதல் இடத்தில்.

இதை வைத்தே ஒரு குறுக்கு வழி உண்டு. வாக்கியத்தை இரண்டு முறை அடுத்தடுத்துக் கொடுங்கள், இரண்டாம் நகலில் உள்ள சொற்களின் வெக்டரை மட்டும் எடுங்கள். இரண்டாவது பொன்னி வரும்போது முதல் நகல் முழுவதும் அதற்கு முன்னால் இருக்கிறது, "ஓடுது" உட்பட. வாக்கிய வெக்டர் எடுப்பதற்கு இந்த வித்தை உதவுகிறது என்று 2024இல் ஒரு ஆய்வே வந்தது. நீளம் இரட்டிப்பாகும், அதுதான் செலவு. வாட்ஸ்அப் செய்திக்கு அது ஒன்றும் பெரிதில்லை.

---

சோழமண்டலம்

ஒரே வாக்கியத்தை இரண்டு தடவை படிக்க வைத்துத்தான் வேலை வாங்க வேண்டும் என்றால் நான் சொன்னது சரி என்றுதானே அர்த்தம்? பெர்ட் மாதிரி என்கோடர் ஒரே தடவையில் இரு பக்கமும் பார்க்கிறது. வகைப்பாட்டு வேலை எதுவானாலும் என்கோடர்தான். டிகோடர் கதை எழுத மட்டும்.

---

ஓடம்போக்கி (திருவாரூர்)

சார், "எதுவானாலும்" என்பதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. நாங்கள் நெல் கொள்முதல் தொடர்பான செய்திகளைப் புகாரா இல்லையா என்று பிரிக்கிறோம். "ஈரப்பதம் 17க்கு மேல இருக்குன்னு சொன்னாங்க, அப்புறம் எடுத்துக்கிட்டாங்க" என்பது புகார் இல்லை. கடைசிச் சொல் "எடுக்கல" ஆனால் புகார். செய்தி முழுவதற்கும் ஒரே லேபிள் என்னும்போது டிகோடரில் கடைசி டோக்கனின் வெக்டரை எடுக்கிறோம், அதற்கு எல்லாமே முன்னால். வினையும் எதிர்மறையும் கடைசியில் வருகிற தமிழ் இந்த வேலைக்கு வசதியாகவே அமைகிறது.

ஆனால் ஒன்று கவனியுங்கள். எங்களுக்கு ஒருவர் எழுதிக் கொடுத்த கோடில் கடைசி டோக்கன் என்று `h[:, -1]` எடுத்திருந்தார். செய்திகளை ஒவ்வொன்றாக ஓட்டினால் விடை சரி. பதினாறு பதினாறாகச் சேர்த்து ஓட்டினால் சின்னச் செய்திகள் எல்லாம் தாறுமாறு, ஒவ்வொரு தொகுப்பிலும் மிக நீளமான செய்தி மட்டும் சரி. காரணம், சின்னச் செய்திகளின் வலப்பக்கம் பேடிங் டோக்கன் நிரப்பியிருந்தது. `-1` எடுத்துக்கொண்டிருந்தது அந்தப் பேடிங்கை. தொகுப்பின் அளவை மாற்றினால் விடை மாறுகிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள். பேடிங்கை இடப்பக்கம் மாற்றி, அட்டென்ஷன் மாஸ்க்கையும் சரியாக அனுப்பியதும் தீர்ந்தது.

---

பழையாறை மாமா

இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். மாஸ்க் என்றால் மறைந்த சொல்லைக் கண்டுபிடிப்பது என்று மகன் சொன்னான். அப்படியானால் எனக்கு ஒரு உதவி. எங்கள் தாத்தா காலத்துக் கிரயப் பத்திரம் செல்லரித்துக் கிடக்கிறது. நான்கெல்லை சொல்கிற வரியில் "கிழக்கே ...... வாய்க்கால்" என்று நடுவில் ஓட்டை. இந்த பெர்ட்டைக் கேட்டால் எந்த வாய்க்கால் என்று சொல்லிவிடுமா?

---

வெண்ணாற்றங்கரை

மாமா, சொல்லும். ஆனால் அதை நம்பி எல்லைக்கல் நடாதீர்கள். எந்த வாய்க்கால் பெயர் அந்த மாதிரி வரியில் அதிகம் பொருந்தும் என்பதுதான் அதற்குத் தெரியும், உங்கள் வயலுக்குக் கிழக்கே என்ன ஓடியது என்பது தெரியாது. பத்திரம் பதிவானது என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகலுக்கு மனுப் போடுங்கள்.

ஆனாலும் உங்கள் கேள்வி இந்த இழைக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஓட்டைக்கு இரண்டு பக்கமும் எழுத்து இருக்கும்போது, இரு பக்கமும் பார்க்கும் மாடலுக்குத்தான் அது இயல்பான வேலை. டிகோடரிடம் கேட்பதானால், ஓட்டைக்கு முன்னால் உள்ளதையும் பின்னால் உள்ளதையும் முதலில் கொடுத்துவிட்டு நடுவில் வருவதைக் கடைசியாக எழுதச் சொல்லிப் பழக்கியிருக்க வேண்டும்.

என்கோடரிலும் இரண்டு சிக்கல் உண்டு. முதலாவது, எத்தனை துண்டு விடுபட்டது என்று நாமே சொல்ல வேண்டும். ஒரு மாஸ்க் வைத்தால் ஒரு துண்டுப் பெயர்தான் வரும், இரண்டு வைத்தால் இரண்டு. ஒரு தமிழ்ப் பெயர் இரண்டு மூன்று துண்டாக உடைவது சகஜம். அதனால் ஒரே ஒரு மாஸ்க் வைத்துப் பார்ப்பவருக்குச் சின்னச் சின்னச் சொற்களாகவே வரும். "மாடலுக்குத் தமிழ் வரவில்லை" என்று மூடிவைத்துவிடுவார்.

இரண்டாவது இன்னும் நுட்பமானது. இரண்டு மாஸ்க் வைத்தால் ஒவ்வொன்றையும் அது தனித்தனியாக ஊகிக்கிறது. பக்கத்து மாஸ்க்கில் என்ன விழுந்தது என்பது அதற்குத் தெரியாது. முதல் இடத்துக்கு "குட", "வெண்" இரண்டும் பொருந்துகின்றன, இரண்டாம் இடத்துக்கு "ணாறு", "முருட்டி" இரண்டும் பொருந்துகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இடத்திலும் முதலில் நிற்பதை எடுத்துச் சேர்த்தால் "குடணாறு" என்று இல்லாத ஆறு ஒன்று ஓடும். ஒன்றை முதலில் நிரப்பி, அதை உள்ளே வைத்து மறுபடி ஓட்டி, அப்புறம் அடுத்ததை நிரப்ப வேண்டும். டிகோடருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொரு துண்டையும் முந்தைய துண்டைப் பார்த்துத்தான் எழுதுகிறது.

---

பழையாறை மாமா

நகலுக்கு மனுப் போட்டு எத்தனையோ காலம் ஆயிற்றம்மா. சரி, விடுங்கள்.

---

மூன்றாம் ஆண்டு

அக்கா, நான் கல்லூரி மாணவன், மன்னார்குடி. ஒன்று புரியவில்லை. இரு பக்கமும் பார்ப்பது இவ்வளவு நல்லது என்றால் டிகோடரில் ஏன் வேண்டுமென்றே கண்ணைக் கட்ட வேண்டும்? அந்த மாஸ்க்கை எடுத்துவிட்டுப் பயிற்சி கொடுத்தால் என்ன?

---

வெண்ணாற்றங்கரை

அடுத்த சொல் என்ன என்று கேட்டுவிட்டு அடுத்த சொல்லையும் பார்க்க விட்டால், வினாத்தாளோடு விடைத்தாளையும் சேர்த்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். பார்த்து எழுதக் கற்றுக்கொள்ளும், வேறு எதையும் கற்காது. விடையை ஏதாவது ஒரு வழியில் மறைத்தே ஆக வேண்டும். டிகோடர் வலப்பக்கத்தை முழுக்க மறைக்கிறது. பெர்ட் சில சொற்களை மட்டும் மறைத்துவிட்டு மற்றதை எல்லாம் காட்டுகிறது.

இதற்கு ஒவ்வொன்றும் கொடுக்கும் விலை வேறு. நூறு டோக்கன் உள்ள பத்தியை எடுத்துக்கொள். டிகோடருக்கு ஏறக்குறைய ஒவ்வோர் இடமும் ஒரு கேள்வி. ஒரே ஓட்டத்தில் தொண்ணூற்றொன்பது கேள்விக்கு விடை திருத்தப்படுகிறது. 2018இல் வந்த பெர்ட்டில் 15 சதவீத இடங்கள்தான் கேள்வி, அதாவது பதினைந்து. மீதி எண்பத்தைந்தும் துணைக்கு நிற்கின்றன, கேள்வியாக இல்லை. அந்தப் பதினைந்திலும் சுமார் பன்னிரண்டு இடத்தில்தான் உண்மையாக `[MASK]` விழும். ஒன்றிரண்டு இடத்தில் சம்பந்தமில்லாத சொல்லைப் போடுவார்கள், ஒன்றிரண்டை அப்படியே விடுவார்கள். அது ஏன் தெரியுமா? நாம் பொன்னிக்கு லேபிள் போடும்போது எந்த வாக்கியத்திலும் `[MASK]` வராது. மாஸ்க் உள்ள இடத்தில் மட்டும் யோசித்தால் போதும் என்று மாடல் பழகிவிட்டால், மாஸ்க் இல்லாத நம் வாக்கியத்தில் அது சோம்பிப் படுத்துவிடும். எந்தச் சொல்லும் தப்பாக இருக்கலாம் என்ற சந்தேகம் அதற்கு இருந்துகொண்டே இருக்க வேண்டும்.

---

மூன்றாம் ஆண்டு

அப்போ 15க்குப் பதில் 50 மறைத்தால் கேள்வி அதிகமாகுமே?

---

வெண்ணாற்றங்கரை

கேள்வி அதிகமாகும், துணை குறையும். "பொன்னி ___ ___ கரை ___ ஓடுது" என்றால் நமக்கே திணறுகிறது. ஆனால் 15 என்பது ஒன்றும் வேதவாக்கு இல்லை. பெரிய மாடல்களுக்கு 40 சதவீதம் வரை மறைத்தாலும் நன்றாகவே வருகிறது என்று 2022இல் ஒரு ஆய்வு காட்டியது. 2024 கடைசியில் வந்த மாடர்ன்பெர்ட் 30 சதவீதம் மறைத்துப் பயிற்சி பெற்றது.

நீ கேட்ட இன்னொன்று, ஏற்கனவே பயிற்சி முடிந்த டிகோடரில் மாஸ்க்கை எடுத்துவிடுவது. சும்மா எடுத்தால் பெரும்பாலான மாடல்கள் கெட்டுப்போகும், அவை அப்படிப் பார்த்துப் பழகவில்லை. எடுத்துவிட்டு, பெர்ட் மாதிரி சில சொற்களை மறைத்துக் கண்டுபிடிக்கச் சொல்லிக் கொஞ்சம் மறுபயிற்சி கொடுத்தால் தேறுகின்றன. 2024இல் `LLM2Vec` என்று வந்தது இதுதான். அதில் ஒரு வேடிக்கை, மிஸ்ட்ரல் மட்டும் மறுபயிற்சி இல்லாமலே ஓரளவு தாங்கியது. ஏன் என்பதற்கு அவர்களே ஊகம்தான் சொன்னார்கள்.

---

ஓடம்போக்கி

அரசலாறு, நடைமுறைக் கேள்வி ஒன்று. உங்களிடம் ஜிபியு இருக்கிறதா? இல்லையென்றால் இவ்வளவு யோசிக்க வேண்டாம், `xlm-roberta-base` போதும். சுமார் 27 கோடி அளவுருக்கள் என்று பார்த்துப் பயப்படாதீர்கள். அதன் சொல்பட்டியலில் இரண்டரை லட்சம் துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் 768 எண்கள், அதுவே 19 கோடிக்கு மேல் போய்விடும். அது வெறும் அட்டவணை, எடுத்துப் பார்ப்பதோடு சரி. கணக்குப் போடும் அடுக்குகள் எட்டரைக் கோடிதான். சாதாரண மடிக்கணினியிலேயே லேபிள் போட ஓடும். பெரிய டிகோடரிடம் செய்திக்குச் செய்தி கேள்வி கேட்டால் ஒவ்வொரு லேபிளையும் அது எழுத்தாக எழுதி முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். நடுவில் சொல்லை விட்டுவிட்டோ திருத்தியோ எழுதினால் எந்த லேபிள் எந்தச் சொல்லுக்கு என்று பொருத்துவது தனி வேலை.

---

பாமணி

கையால் லேபிள் போட்ட ஆயிரம் செய்தி அவரிடம் இருக்கிறது, அதனால் இது எடுபடும். லேபிளே இல்லாதவன் என்ன செய்வான்? பெரிய டிகோடரிடம் நான்கு உதாரணம் காட்டி வேலை வாங்குவதுதான் வழி. என்கோடரை இப்படி ஃபைன்ட்யூன் செய்ய லேபிள் வேண்டும்.

---

வெண்ணாற்றங்கரை

அது சரிதான் அண்ணே. எத்தனை லேபிள் கையில் இருந்தால் எந்தப் பக்கம் போகலாம் என்பதற்கு யாரும் ஒரு கோடு போட முடியவில்லை. வேலைக்கு வேலை மாறுகிறது.

---

அரசலாறு

`xlm-roberta-base`க்கு மாற்றிவிட்டேன். அதே டேட்டா, அதே லேபிள்கள். மூன்று பொன்னியும் மூன்று விதமாக வருகின்றன! துப்பு பின்னால் இருக்கும் செய்திகளைத் தனியாகப் பிரித்தும் பார்த்தேன். அக்கா சொன்னபடி பழைய மாடலின் தவறு முக்கால்வாசி அந்தப் பக்கம்தான் குவிந்து கிடந்தது.

இன்னும் தவறுபவை இரண்டு வகை. ஒன்று, "பொன்னி வந்துடுச்சா?" என்று ஒற்றை வரிச் செய்தி. விதை டிப்போவில் விதை வந்ததா, ஆற்றில் தண்ணீர் வந்ததா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டாவது, பாதிப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். அதில் மாடல் தடுமாறுகிறது.

---

ஓடம்போக்கி

இரண்டாவதற்கு `google/muril-base-cased` போட்டுப் பாருங்கள். அதுவும் பெர்ட் வகைதான். இந்திய மொழிகளை ஆங்கில எழுத்தில் பெயர்த்த பதிப்பையும் சேர்த்தே அதற்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். முதலாவதற்கு, அதற்கு முந்தைய இரண்டு மூன்று செய்திகளையும் சேர்த்து உள்ளே அனுப்புங்கள். 512 டோக்கன் வரை இடம் இருக்கிறது.

---

சோழமண்டலம்

முந்தைய செய்தியைச் சேர்த்தால் துப்பு முன்னால் வந்துவிடும். அப்போது டிகோடரே போதுமே என்று யாராவது வரப்போகிறார்கள் பாருங்கள்.

---

வெண்ணாற்றங்கரை

அந்த ஒற்றை வரிக்குப் போதும்தான் சார். "விதை வந்துடுச்சு" என்று பதில் அடுத்த செய்தியில் வந்தால் போதாது.

அரசலாறு, ஓட்டுவதற்கு முன் லேபிள் விதியை ஒருமுறை பாருங்கள். "பொன்னி அரிசி கிலோ என்ன விலை" என்பதில் பொன்னி ரகமா, கடைச் சரக்கா? நீங்களும் தங்கையும் ஆளுக்கொரு மாதிரி போட்டிருந்தால் அங்கே எந்த மாடலை மாற்றியும் பயனில்லை.

---

அரசலாறு

தங்கை சரக்கு என்கிறாள். நான் ரகம் என்று போட்டிருக்கிறேன். இன்று ராத்திரி வீட்டில் சண்டைதான்.